அக்கா மகள் கல்யாணம்: இரண்டு மண்டபம், சனிக்கிழமை குடும்பக் கூட்டத்தில் நான் பேச வேண்டும்

சிப்புட்_தாய்மாமன்

வணக்கம். அக்கா மகளுக்கு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், காலை 9:00 முதல் 10:30 வரை. அழைப்பு 600 பேருக்கு. சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் கல்யாண மண்டபம் ஒன்று, ஈப்போவில் ஏர்கோன் மண்டபம் ஒன்று என்று இரண்டு இடம் கையில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டில் எல்லாரும் கூடுகிறோம். தாய்மாமன் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கோயில் மண்டபத்தைச் சொல்லப்போகிறேன்.

ஈப்போ மண்டபத்தைப் பார்த்து வந்தவர் அத்தானின் தங்கை, அதாவது பெண்ணுக்குச் சொந்த அத்தை. அதனால் வார்த்தை தவறக் கூடாது.

நான் எழுதி வைத்திருக்கும் தொடக்கம்: "கோயில் மண்டபம் 1,800 வெள்ளி. ஈப்போ மண்டபம் தலைக்கு 45 வெள்ளி, 600 பேருக்கு 27,000 வெள்ளி. பதினைந்து மடங்கு! அங்கே போனால் தோட்டத்துச் சனம் பாதி வராது. நம்ம ஊர், நம்ம கோயில் இருக்கும்போது எதற்கு ஈப்போ?"

எப்படி இருக்கிறது? நேர்மையாகச் சொல்லுங்கள்.

பாகான்_லெட்சுமி

மாமாவின் வாழ்த்துப் பேச்சுதான் எப்போதும் கல்யாணத்தில் மனதில் நிற்கும் தம்பி. பெண்ணின் சின்ன வயதுச் சம்பவம் ஒன்றில் தொடங்குங்கள். பிறகு மாப்பிள்ளை வீட்டாரைப் பெயர் சொல்லி வரவேற்று, கடைசியில் பதினாறு செல்வங்களைச் சொல்லி முடித்தால் ஐந்து நிமிடம் சரியாக வரும். விளக்கேற்றியவுடன் பேசினால் கூட்டம் அமைதியாக இருக்கும்.

சிப்புட்_தாய்மாமன்

அக்கா, அது கல்யாணத்தன்று. இது மண்டபம் முடிவு செய்ய வீட்டில் பேசுவது. நீங்கள் சொன்னதை அன்றைக்கு எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

பந்திக்கணக்கு

உங்கள் தொடக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அத்தை முதல் நிமிடத்திலேயே அதில் கை வைப்பார். 1,800 என்பது வெறும் இடத்துக்கான வாடகை. 27,000 சோறு, மேசை, மணவறை அலங்காரம் எல்லாம் சேர்ந்தது. "அந்த 1,800-ல் சாப்பாடு இருக்கிறதா?" என்று அவர் ஒரே கேள்வி கேட்டால் போதும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் சரியான கணக்கையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே 600 பேர், ஒரே காலைக் கல்யாணம், ஒரே சைவச் சாப்பாடு என்று வைத்து எழுதுங்கள். கேட்டரிங்காரர், அலங்காரம் செய்பவர் கொடுத்த விலைகளும், ஈப்போ ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருப்பதும் கையில் இருக்கிறதா? அவற்றோடு ஒன்று, உங்கள் கோயில் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும்? பேச்சை உருவாக்கப்போவது அந்த எண்தான். வாடகை அல்ல.

சிப்புட்_தாய்மாமன்

இப்போதுதான் உறைக்கிறது. நல்ல வேளை இங்கே கேட்டேன்.

கோயில்: வாடகை 1,800. கேட்டரிங் தலைக்கு 18. மணவறை 3,500. ஜென்செட் 700. கூட்டிக் கழுவ 300. கனோப்பி நான்கு, ஒன்று 120. ஏர்கூலர் எட்டு, ஒன்று 80. பந்திக்கு 160 இலை. திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 500.

ஈப்போ: 27,000-க்கு மேல், அலங்காரம் செய்பவர் விடியற்காலை உள்ளே வர 500. ஒப்பந்தம் பகல் 2 மணி வரை, ஒரு மணி நேரம் கூட்டினால் 600. தோட்டத்திலிருந்து ஆள் ஏற்ற இரண்டு பஸ், ஒன்று 700. குறைந்தது 500 பேருக்குக் கட்ட வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும்.

பந்திக்கணக்கு

கூட்டிப் பாருங்கள். கோயில் பக்கம் 1,800, சாப்பாடு 10,800, மணவறை 3,500, ஜென்செட் 700, சுத்தம் 300, கனோப்பி 480, ஏர்கூலர் 640. மொத்தம் 18,220. ஈப்போ 27,000, 500, 600, பஸ் 1,400. மொத்தம் 29,500. வித்தியாசம் 11,280. பதினைந்து மடங்கு இல்லை, ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஆனால் இது யார் கேட்டாலும் நிற்கும்.

டெபாசிட்டைச் செலவில் சேர்க்காதீர்கள். அது திரும்பி வரும் பணம். கையில் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி பந்தி. சாப்பிட 25 நிமிடம், இலை எடுத்து மேசை துடைத்து மறுபடி இலை போட 10 நிமிடம், ஆக ஒரு பந்திக்கு 35 நிமிடம் வைக்க வேண்டும். 600-ஐ 160-ஆல் வகுத்தால் நான்கு பந்தி. தாலி கட்டி 10:45-க்கு முதல் பந்தி உட்கார்ந்தால், நான்காம் பந்தி உட்காரும்போது மணி 12:30. ஈப்போவிலிருந்தும் கோலகங்சாரிலிருந்தும் காலை 8 மணிக்கே வந்தவர்கள் பசியோடு ஒன்றே முக்கால் மணி நேரம் நிற்பார்கள். கோயில் மண்டபத்தைப் பற்றி ஊரில் வரும் குறையெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கும். அப்போது வெயிலைத் திட்டுவார்கள், கூட்டத்தைத் திட்டுவார்கள், உண்மையில் நொந்தது வயிறு.

வழி உண்டு. வெளியே கனோப்பியில் இளவட்டங்களுக்கும் வேலைத் தோழர்களுக்கும் தட்டில் எடுத்துச் சாப்பிடும் வரிசை ஒன்று வையுங்கள், 130 பேருக்கு. மீதி 470. மூன்று பந்தியில் முடிந்துவிடும், கடைசிப் பந்தி 11:55-க்கு உட்காரும். கேட்டரிங்காரரிடம் பரிமாற எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். 160 இலைக்கு ஆறு பேர் வந்தால் 25 நிமிடம் 40 ஆகிவிடும். குறைந்தது 12 பேர் வேண்டும்: சோறுக்கு இரண்டு, குழம்பு ரசத்துக்கு இரண்டு, கறி வகைக்கு நான்கு, அப்பளம் பாயசத்துக்கு இரண்டு, தண்ணீருக்கு இரண்டு.

ராவாங்_ரவி

இவ்வளவு சிரமம் எதற்கு? ஈப்போ மண்டபம் 1,000 பேர் கொள்ளும் என்று போட்டிருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து போகலாம். பந்தி என்ற பேச்சே இல்லை. கோயிலில் செய்வதானால் ஏர்கூலர் எட்டு போதாது, பதினைந்து வையுங்கள். இன்னொன்று, ஏர்கோன் மண்டபத்தில் ஓமம் வளர்த்தால் புகை பட்டு மேலே தண்ணீர் கொட்டும், அதையும் பேச்சில் சொல்லுங்கள், அத்தை வாயடைத்துப் போவார்.

பந்திக்கணக்கு

ரவி, மூன்றிலும் பாதி சரி.

1,000 என்பது நாற்காலியை வரிசையாகப் போட்டால். வட்ட மேசைக்குக் கணக்கு வேறு. பத்துப் பேர் மேசை 6 அடி. இரண்டு பக்கமும் நாற்காலியும் ஆளும் 2 அடி 2 அடி. நடக்க வழி 2 அடி. ஆக ஒரு மேசை 12-க்கு 12, 144 சதுர அடி கேட்கும். தாய்மாமன், ஈப்போ மண்டபத்தின் அளவு தெரியுமா?

ஏர்கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய. அதனால் முன்னால் நிற்பவருக்குச் சில நிமிடம் சில்லென்று இருக்கும், ஒரு மணி நேரத்தில் மண்டபம் முழுதும் புழுக்கம் ஏறிவிடும். பதினைந்து வைத்தால் புழுக்கம் இன்னும் சீக்கிரம் வரும். பெரிய ஸ்டாண்டு விசிறி எடுங்கள். பாதியை ஒரு பக்கக் கதவில் காற்றை உள்ளே இழுக்கும்படியும், மீதியை எதிர்ப்பக்கம் வெளியே தள்ளும்படியும் வையுங்கள். சூடான காற்று வெளியேறினால்தான் வேர்வை காயும்.

புகையைப் பற்றி: மேலே தண்ணீர் தெளிக்கும் குழாய் முனை புகைக்குத் திறக்காது, சூட்டுக்குத்தான் திறக்கும். சிவப்புக் குமிழி வைத்தது 68 பாகை செல்சியசில் உடையும். ஓமப் புகைக்கு அலறுவது புகை உணர்கருவி. மணி அடித்து ஆள் கலையும், தண்ணீர் கொட்டாது. தவறானதைச் சொல்லி அத்தையை வாயடைக்க வைப்பது வேண்டவே வேண்டாம். "ஓமம் வளர்க்க மண்டபத்தார் எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறார்களா?" என்று கேட்பது போதும்.

சிப்புட்_தாய்மாமன்

ஈப்போ மண்டபம் 70 அடிக்கு 110 அடி. மேடை, மணவறை, சாப்பாட்டு வரிசை, நடுவழி எல்லாம் சேர்ந்து 1,700 சதுர அடி போகும் என்று அங்கிருந்தவர் சொன்னார்.

விசிறி விசாரித்தேன், பெரியது ஒன்று 60 வெள்ளி. ஆறு எடுத்தால் 360.

பந்திக்கணக்கு

அப்படியென்றால் 7,700-ல் 1,700 போக 6,000. அதை 144-ஆல் வகுத்தால் 41 மேசை, 410 பேர். ஆகவே அங்கேயும் 600 பேர் ஒரே தடவையில் உட்கார முடியாது. மேசையை நெருக்கிப் போட்டால் 45 வரலாம், அப்போது பரிமாறுபவர் நுழைய இடம் இருக்காது.

ஏர்கூலர் 640-க்குப் பதில் விசிறி 360 என்றால் கோயில் மொத்தம் 17,940. வித்தியாசம் 11,560.

கோலகங்சார்_கோமதி

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அரசாங்கத் தேவான் ஒன்றை எடுத்திருந்தோம். வெள்ளம் வந்து அதைத் தற்காலிகத் துயர்துடைப்பு மையமாக்கிவிட்டார்கள். பணம் திரும்பி வந்தது, தேதி திரும்பி வரவில்லை. தேர்தல் வந்தாலும் இதே கதிதான், தேவான் வாக்களிப்பு மையமாகிவிடும். அதனால் எந்த மண்டபம் என்றாலும் "வேறு காரணத்துக்காக இடத்தை எடுத்துக்கொண்டால் என்ன?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பந்திக்கணக்கு

கோமதி அக்கா சொல்வது தேவானுக்கு முக்கியம். தாய்மாமனின் இரண்டும் தேவான் இல்லை. ஆனால் கோயிலுக்கும் ஒரு கேள்வி உண்டு: அதே ஞாயிறு திருவிழாவோ கும்பாபிஷேக வேலையோ இருக்கிறதா? ஆவணியில் அது நடக்கக்கூடியதுதான். தலைவரிடம் வாய்வார்த்தை போதாது, ரசீதில் தேதியும் நேரமும் எழுதச் சொல்லுங்கள்.

மேடை_முருகையா

எண்ணெல்லாம் சரியாகிவிட்டது. இனிப் பேச்சு. இருபது எண்ணையும் வாயால் சொன்னால் யாருக்கும் ஒன்றும் நிற்காது. வாயில் மூன்று எண் மட்டும்: 17,940, 29,500, 11:55. மீதியை ஒரு தாளில் அடித்து நான்கு படி எடுங்கள். அம்மா கையில் ஒன்று, அக்கா அத்தான் கையில் ஒன்று, அத்தை கையில் ஒன்று, பெண்ணிடம் ஒன்று.

ஈப்போ மண்டபத்தைக் குறை சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள். அதைக் குறை சொன்னால் அதைப் பார்த்து வந்தவரைக் குறை சொன்னதாக ஆகும், அத்தான் பக்கம் முழுதும் முகம் சுளிக்கும். உங்கள் இடத்தின் பலவீனத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள். வெயில், பந்தி, வீட்டு ஆட்களுக்கு வேலை, இந்த மூன்றும் எல்லார் மனதிலும் இருக்கிறது. அவர்கள் கேட்டபின் பதில் சொன்னால் சமாளிப்பதுபோல் தெரியும்.

"தோட்டத்துச் சனம் பாதி வராது" என்பதை எடுத்துவிடுங்கள். பாதி என்று யார் எண்ணியது? யார் யாருக்கு வண்டி இல்லை என்று பெயர் சொல்ல முடிந்தால் பெயர் சொல்லுங்கள். அது ஒரு சதவீதத்தைவிடக் கனமாக விழும்.

கடைசியில் "யோசித்துச் சொல்லுங்கள்" என்று விடாதீர்கள். யார், எந்த நாளுக்குள், எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்று, சனிக்கிழமைக்கு முன்பே அக்காவிடமும் அத்தையிடமும் தாளைத் தனியாகக் காட்டிவிடுங்கள். கூட்டத்தில் முதல்முறையாகத் தோற்கடிக்கப்பட்டதாக யாரும் உணரக் கூடாது.

சிப்புட்_தாய்மாமன்

திருத்தி எழுதியிருக்கிறேன். சொல்லிப் பார்த்தால் மூன்று நிமிடத்துக்குள் வருகிறது.

"அம்மா, அக்கா, அத்தான், எல்லாருக்கும் வணக்கம். இரண்டு மண்டபத்தையும் பார்த்தாச்சு. ஈப்போ மண்டபத்தைத் தேடிப் பிடித்து, விலை பேசி, ஒப்பந்தத்தை வாங்கி வந்தது அத்தை. அவர் அதைச் செய்யாமல் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவே நமக்கு ஒன்றும் இருந்திருக்காது.

நான் கோயில் மண்டபத்தைச் சொல்கிறேன். அதில் இருக்கிற குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏர்கோன் இல்லை. பதினொரு மணிக்கு மேல் வெக்கை இருக்கும். ஒரு பந்திக்கு 160 பேர்தான். ஈப்போவில் எல்லாம் அவர்களே பார்ப்பார்கள், கோயிலில் நம் வீட்டு ஆட்கள் ஆறு பேராவது நின்று பார்க்க வேண்டும்.

வெக்கைக்குப் பெரிய விசிறி ஆறு போடுகிறோம், கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். ஏர்கோன் மாதிரி இருக்காது, ஆனால் காற்று ஓடும். பந்திக்கு, வெளியே கனோப்பியில் 130 பேருக்குத் தனி வரிசை. அப்படிச் செய்தால் கடைசிப் பந்தி 11:55-க்கு உட்கார்ந்துவிடும். ஈப்போவிலும் வட்ட மேசை போட்டால் சுமார் 410 பேர்தான் ஒரு தடவையில் உட்காரலாம், அங்கேயும் இரண்டாம் சுற்று உண்டு.

செலவு, சாப்பாடு அலங்காரம் எல்லாம் சேர்த்து கோயிலில் 17,940 வெள்ளி, ஈப்போவில் 29,500. கணக்கு உங்கள் கையில் இருக்கிற தாளில் வரி வரியாக இருக்கிறது. தப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

பழைய லயத்து வீட்டில் பெரியம்மாவும், கங்காணித் தாத்தா வீட்டில் இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறி இறங்க முடியாதவர்கள். பாப்பாவைத் தூக்கி வளர்த்தவர்கள். கோயில் என்றால் அவர்கள் தாலி கட்டும்போது அங்கே இருப்பார்கள்.

கோயில் தலைவர் செவ்வாய் வரை தேதியைப் பிடித்து வைத்திருக்கிறார். அக்காவும் அத்தானும் சரி என்றால் திங்கட்கிழமை காலை 500 வெள்ளி டெபாசிட்டை நானே கட்டிவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் அத்தான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது."

மேடை_முருகையா

நன்றாக வந்திருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும். 410 என்ற வரியை நீங்கள் சொல்லாதீர்கள். தாளில் மட்டும் இருக்கட்டும், அத்தையிடம் முன்கூட்டியே காட்டும்போது அவரே மண்டபத்தாரிடம் மேசை வரைபடம் கேட்கட்டும். அவர் வாயிலிருந்து வந்தால் அது தகவல். உங்கள் வாயிலிருந்து வந்தால் அது குத்து.

மாப்பிள்ளை வீட்டாரைக் கடைசி வரியில் வைத்ததும் இடிக்கிறது. அவர்கள் பக்கம் எத்தனை பேர், எங்கிருந்து வருகிறார்கள்? எல்லாரும் ஈப்போக்காரர்கள் என்றால் உங்கள் பஸ் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

சிப்புட்_தாய்மாமன்

600-ல் அவர்கள் 180. பாதி ஈப்போ, பாதி தெலுக் இந்தான். ஆளுக்கு வண்டி இருக்கிறது. 410-ஐத் தாளுக்கு மாற்றிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டு வரியை செலவுக்கு முன்னால் கொண்டுபோகிறேன்.

ராவாங்_ரவி

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. பட்டுப்புடவை, நகை, மேக்கப்போடு பெண் இரண்டு மணி நேரம் ஓமத்துக்கு முன்னால் உட்காரப்போகிறாள். பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா? 11,560 வெள்ளி பெரிய காசுதான், ஆனால் அவளுக்கு அது ஒரு நாள்.

பந்திக்கணக்கு

இது நியாயமான கேள்வி ரவி. இதற்குக் கணக்கில் பதில் இல்லை. தாய்மாமன், தாளைப் பெண்ணுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

அவளிடம் இன்னொன்றும் கேளுங்கள். வேலையிடத்து மலாய்த் தோழிகள் எத்தனை பேர்? ஹலால் சான்றிதழ் உள்ள கேட்டரிங்கை எடுத்தாலும், கோயில் வளாகத்துக்குள் சாப்பிடச் சிலர் தயங்குவார்கள், சிலர் வருவார்கள். அவர்களுக்காக இன்னொரு நாள் சாயங்காலம் சிறிய விருந்து வைப்பதாக இருந்தால் அந்தச் செலவும் கோயில் பக்கத்தில் ஏற வேண்டும்.

சிப்புட்_தாய்மாமன்

கேட்டேன். 40 பேர் வரை இருப்பார்களாம். தனி விருந்து வேண்டுமா, கனோப்பியை வளாகத்துக்கு வெளியே போட்டால் போதுமா என்று தோழிகளிடமே விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். தாளில் அந்த வரியைக் காலியாக விட்டு, "விசாரணையில்" என்று எழுதியிருக்கிறேன்.

அக்காவிடமும் தாளைக் காட்டினேன். எண்ணைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "வியாழக்கிழமை பதினொரு மணிக்கு என்னை அந்த மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்து, அப்புறம் பேசலாம்" என்றாள்.

பந்திக்கணக்கு

கட்டாயம் கூட்டிப்போங்கள், அதே பதினொரு மணிக்கு. அத்தையும் வரமுடியுமா என்று கேளுங்கள். விசிறி வாடகைக்காரரிடம் ஒரு விசிறியை ஒரு மணி நேரம் கடனாகக் கேட்டு வாங்கி, மணவறை வரும் இடத்தில் ஓடவிட்டு அக்காவைப் பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். அப்படியே மண்டபத்து விளக்கு, விசிறி, சமையற்கட்டுப் பிளக்கில் ஒரு வாட்டர் பாய்லர், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். மெயின் விழுந்தால் ஜென்செட்டில் எதை ஏற்ற வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.